வெட்டிய பின்னலுக்கு மூன்று வரி

போன கோடை விடுமுறையில் என் மகள் தன் முடியை வெட்டி, முடி இழந்த குழந்தைகளுக்கு விக் செய்யும் ஓர் அமைப்புக்கு அனுப்பினாள். வெட்ட அரை மணி நேரம். காயவைத்துக் கவரில் போட இன்னொரு பத்து நிமிடம். படத்தோடு போடும் மூன்று வரிக் கேப்ஷனுக்கு நான்கு நாள் ஆனது. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த நான்கு நாளில் நான் கற்றுக்கொண்டது, முடி அனுப்பிய வேலையில் கற்றுக்கொண்டதைவிட அதிகம். நம் வீடுகளில் நிறைய பெண்பிள்ளைகளுக்கு இடுப்புவரை பின்னல் இருக்கிறது. இன்றோ நாளையோ உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

படம் எங்கே போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். திருச்சி, மதுரை, டொராண்டோ, சிங்கப்பூர், நாங்கள் நியூ ஜெர்சி. அதில் மதுரையில் இருக்கும் என் சித்தியும் ஒருவர். மார்பகப் புற்றுநோய்க்கு அவருக்கு அப்போதுதான் கீமோ முடிந்திருந்தது. குழுவில் எது வந்தாலும் முதலில் படிப்பவர் அவர்தான், ஏனென்றால் பாதி நேரம் படுத்துக்கொண்டே இருந்தார். ஆக, "புற்றுநோயாளிகளுக்காக முடி கொடுத்தோம்" என்று நாங்கள் எழுதும் வரியைப் புற்றுநோயாளி ஒருவர்தான் முதலில் படிக்கப்போகிறார். இந்த ஒரு விஷயம் இல்லையென்றால் நான் நான்கு நாள் எடுத்திருக்க மாட்டேன்.

கேப்ஷனை எழுத முன்வந்தவர் என் மாமனார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேத்தி மேல் உயிர். செய்தி கேட்ட அன்றே எழுதி, எனக்கும் கனடாவில் இருக்கும் என் அண்ணிக்கும் அனுப்பிவிட்டார்:

"எங்கள் குட்டி தேவதை தன் அழகையே புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டாள்! ஒரு குழந்தையின் முகத்தில் புன்னகையை மலரச் செய்தாள். முடி வெறும் முடிதானே, மறுபடி வளரும். பத்து வயதுப் பிள்ளையால் முடியும் என்றால் நம்மால் முடியாதா? பகிருங்கள்."

பாசத்தில் எழுதியது. தமிழும் நன்றாகத்தான் இருக்கிறது. இணையத்தில் இந்த மாதிரிக் கேப்ஷன்கள் நிறைய வருகின்றன, எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மென்பொருள் வேலையில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். அதே மாதிரி இதையும் பார்த்தேன். மாமாவையும் வீடியோ காலில் உட்காரவைத்துக்கொண்டுதான் பார்த்தேன், அவருக்குத் தெரியாமல் திருத்தவில்லை.

முதலில் "புற்றுநோய்க் குழந்தைகளுக்கு" என்ற சொல். இது உண்மையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அமெரிக்காவில் முடி வாங்கும் அமைப்புகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. 1997இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய லாக்ஸ் ஆஃப் லவ் என்ற அமைப்பு, 21 வயதுக்கு உட்பட்ட, நீண்டகாலமாக முடி இல்லாத பிள்ளைகளுக்கு விக் கொடுக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அலோபீசியா அரியாட்டா. அதாவது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே முடியின் வேரைத் தாக்கும் நிலை. நம் ஊரில் புழுவெட்டு என்பார்கள். அது புற்றுநோய் இல்லை. ஒஹாயோவில் 1981இல் தொடங்கிய விக்ஸ் ஃபார் கிட்ஸ், கீமோ, கதிர்வீச்சு, அலோபீசியா, தீக்காயம் என்று எந்தக் காரணத்தால் முடி போயிருந்தாலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கிறது. இந்த மாதிரி இடங்களுக்கு அனுப்பிவிட்டு "புற்றுநோயாளிகளுக்கு" என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை. நான்கு வயதிலிருந்து புழுவெட்டோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை, "உனக்குக் கேன்சரா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கும். நம் கேப்ஷனும் அந்தக் கேள்வியை இன்னும் நாலு பேர் வாயில் போடவேண்டாம்.

பெரியவர்களுக்கும் இதுதான். என் சித்திக்கு இந்த முடியால் ஒரு பயனும் இல்லை. அவர் இருப்பது மதுரையில், முடி போவது அமெரிக்கக் குழந்தைகளுக்கு. அவர் வாங்கியது செயற்கை இழையில் செய்த, காது வரைக்கும் வரும் ஒரு சின்ன விக். அதையும் இரண்டு கல்யாணத்துக்குத்தான் போட்டார். மதுரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார முடியாது. வீட்டில் பருத்தித் துணிதான் கட்டியிருந்தார். "சித்தி, உங்களுக்காகத்தான்" என்று எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் பொய்யாக இருந்திருக்கும்.

அடுத்தது "ஒரு குழந்தையின் முகத்தில் புன்னகையை மலரச் செய்தாள்". ஒரு பின்னல் ஒரு விக் ஆகாது. இது எனக்கே முதலில் தெரியாது. அவளுக்கு அடர்த்தியான முடி, அதனால் ஒன்றே போதும் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். ஆனால் பின்னலை அவிழ்த்துப் பார்த்தால் புரியும். மேலே கட்டை விரல் தடிமன் இருக்கும், நுனியில் எலிவால். உள்ளே இருக்கும் முடி எல்லாம் ஒரே நீளம் இல்லை. சில இழை 14 அங்குலம், சில 8, சில 5. விக் செய்பவர்கள் முதலில் நீளவாரியாகப் பிரிப்பார்கள், குட்டை முடியெல்லாம் கழிந்துவிடும். பிறகு மெல்லிய வலைத்தொப்பியில் ஊசியால் ஒவ்வொரு இழையாக, அல்லது இரண்டு மூன்று இழையாக, மடக்கி முடிச்சுப் போடுவார்கள். அந்த மடிப்பிலும் நீளம் குறையும். அதனால்தான் 10 அங்குலம், 12 அங்குலம் என்று கேட்கிறார்கள். அவ்வளவு கொடுத்தாலும் குழந்தையின் தலையில் வந்து உட்காரும்போது அது தோள்வரைகூட வராது. ஒரு விக்குக்குப் பல பேருடைய முடி வேண்டும். விக்ஸ் ஃபார் கிட்ஸ் சொல்லும் கணக்கு 20 முதல் 30 பேர்.

ஆக, என் மகள் ஒரு குழந்தைக்கு விக் கொடுக்கவில்லை. இருபது முப்பது பேரில் ஒருத்தியாக இருக்கலாம். அவள் அனுப்பியது தரத்தில் தேறாமல் போகவும் வாய்ப்புண்டு. சில அமைப்புகள் விக்குக்கு ஆகாத குட்டை முடியை விற்று, அந்தப் பணத்தைச் செய்கூலிக்குப் பயன்படுத்துகின்றன. லாக்ஸ் ஆஃப் லவ் இதை மறைக்காமல் சொல்கிறது. இதில் தவறும் இல்லை. ஆனால் கேப்ஷனில் நாம் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "அனுப்பினோம்." அங்கிருந்து என்ன ஆகும் என்பது நம் கையில் இல்லை, புன்னகை உட்பட. மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வினைமுற்றை மாத்தினா போதும்மா, கொடுத்தாள் வேண்டாம், அனுப்பினாள்னு போடு" என்றார். தமிழாசிரியர் தமிழாசிரியர்தான்.

மூன்றாவது, "தன் அழகையே". இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது, மாமாவே கண்டுபிடித்துவிட்டார். முடியைக் கொடுத்தது அழகைக் கொடுத்தது என்றால், முடி போனவருக்கு அழகு போய்விட்டது என்று ஆகிறதே. அதைப் படிக்கப்போகிறவர் மதுரையில் தலையில் துணி கட்டிக்கொண்டு இருக்கிறார். "அந்த வரி போகட்டும்" என்றார் அவரே.

நான்காவது, "முடி வெறும் முடிதானே, மறுபடி வளரும்". இது வெட்டிக்கொள்கிற குழந்தையைத் தேற்றச் சொல்வது. என் மகளைப் பொறுத்தவரை உண்மையும்கூட. முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். வெட்டிய 14 அங்குலமும் திரும்பி வர இரண்டேகால், இரண்டரை வருடம். ஆனால் படிக்கிறவர் எல்லாருக்கும் அது உண்மை இல்லை. கீமோவில் போன முடி பெரும்பாலும் திரும்ப வரும், மருந்து நின்ற சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முளைவிடும், சில நேரம் சுருட்டையாகவும் நிறம் மாறியும் வரும். தலையில் அதிக அளவு கதிர்வீச்சு வைத்த இடத்தில் வராமலே போகலாம். புழுவெட்டில் வரும், போகும், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைப் பற்றிச் சித்தியிடமே கேட்டேன். கேப்ஷன் விஷயம் என்று சொல்லித்தான் கேட்டேன், சுற்றி வளைக்கவில்லை. சித்தி சொன்னார்:

"முதல் ஊசி போட்டு பதினாறாம் நாள் தலகாணி பூரா முடிடீ. டாக்டர் ரெண்டு மூணு வாரத்துல கொட்டும்னு சொல்லித்தான் இருந்தாரு. இருந்தாலும் கையில வரும்போது வேற. அடுத்த நாளே உங்க சித்தப்பாவ விட்டு மிஷின் வெச்சு எடுத்துட்டேன். அதுகூடப் பரவால்ல. வந்தவங்க எல்லாரும் 'வெறும் முடிதான, உசுரு இருக்குல்ல'ன்னாங்க. அது சரிதான், யாரு இல்லேன்னா? ஆனா அத நான் சொல்லணும். அவங்க சொல்லக் கூடாது."

இந்தக் கடைசி வரிக்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெட்டிக்கொள்கிறவர் தேதி பார்த்து, கடை பார்த்து, நீளம் பார்த்து வெட்டிக்கொள்கிறார். கொட்டியவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டும் ஒன்று என்று காட்டும் எந்த வரியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். "உங்கள் வலியை உணர்கிறோம்", "உங்களோடு நாங்களும்" எல்லாம் அதில் அடக்கம். "போராளி", "வீராங்கனை" என்பதும்கூட. சித்தி சொல்வார், "நான் எங்கடீ போராடினேன், போய் படுத்துக்கிட்டு வந்தேன்" என்று.

ஐந்தாவதுதான் பெரிய தலைவலி. "பத்து வயதுப் பிள்ளையால் முடியும் என்றால் நம்மால் முடியாதா? பகிருங்கள்." இந்த வரி என்ன செய்யும் என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. கேப்ஷன் குழுவில் வருவதற்கு முன்பே, மாமா அனுப்பியதைப் படித்த அண்ணி டொராண்டோவிலிருந்து கூப்பிட்டார். எடுத்ததும், "நீ தப்பா எடுத்துக்காத, அவளுக்கு அடுத்த வருஷம் அரங்கேற்றம், இப்போ வெட்ட முடியாது, அதுக்கப்புறம் பாக்கலாம்னு இருக்கோம்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அண்ணி மகளுக்கு முட்டிவரை முடி. இந்த வரியைப் படித்ததும் யாரோ தன்னைக் கேட்டமாதிரி அவருக்குப் பதில் சொல்லத் தோன்றியிருக்கிறது. நான் அவரைச் சமாதானப்படுத்தி முடிக்க அரை மணி நேரம்.

இத்தனைக்கும் கொடுக்க முடியாமல் இருப்பதற்கு எத்தனையோ காரணம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நரை வந்ததிலிருந்து நான் டை அடிக்கிறேன். நாங்கள் அனுப்பிய அமைப்பு சாயம் ஏற்றிய முடியை எடுக்காது. பெர்ம் செய்ததும் ஆகாது. வேறு சில இடங்களில் சாயம் பரவாயில்லை, ப்ளீச் செய்திருந்தால் கூடாது. சிலருக்குத் தைராய்டினால் முடி ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டும். சிலருக்கு நேர்த்திக்கடன் இருக்கும். எங்கள் குழுவில் மருமகளாக வந்த ஒரு சீக்கியப் பெண் இருக்கிறார், அவர் நம்பிக்கையில் முடியை வெட்டுவதே கிடையாது. சிலருக்கு வெட்ட இஷ்டம் இல்லை, அவ்வளவுதான். அதுவும் ஒரு காரணம்தான், அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "நம்மால் முடியாதா?" என்ற கேள்வி இவர்கள் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் பதில் கேட்கிறது.

மாமாவுக்கு இது மட்டும் ஒப்பவில்லை. "நல்ல காரியத்தை நாலு பேருக்குச் சொன்னாத்தானேம்மா நாலு பேர் செய்வாங்க?" என்றார். நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் எனக்கும் பதில் இல்லை. அப்போது அத்தைதான், என் மாமியார், பின்னாலிருந்து ஒன்று சொன்னார். "ஏங்க, நம்ம பழனியில இவளுக்கு மொட்டை போட்டப்ப போட்டோவுக்குக் கீழ என்ன எழுதினீங்க?"

அந்தப் போட்டோ எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஒரு வயதில், தலை முழுக்கச் சந்தனம் பூசி, மாமா மடியில். பின்னால் அவர் கையெழுத்தில்: "பழனியில் முடி இறக்கினோம்", கீழே தேதி. அவ்வளவுதான். "நீங்களும் இறக்குங்கள்" என்று யாரும் எழுதுவதில்லை. "தியாகம்" என்று யாரும் சொல்வதில்லை. அந்த முடியைக் கோயில் ஏலம் விடுகிறது, அது எங்கெங்கோ போய் யார் யார் தலையிலோ விக்காகவும் சவுரியாகவும் உட்காருகிறது. அதைப் பற்றியும் நாம் பெருமை பேசுவதில்லை. செய்ததைச் சொல்கிறோம், இடத்தைச் சொல்கிறோம், தேதியைச் சொல்கிறோம். ஆனாலும் நாலு பேருக்குத் தெரிந்துதான் இருக்கிறது, வேண்டியவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மாமா சிரித்துவிட்டார். "அப்போ அதே மாதிரி எழுது" என்றார்.

இதுதான் எங்களுக்குக் கிடைத்த அளவுகோல். முடி இறக்கியதைச் சொல்வது போல முடி அனுப்பியதைச் சொல்வது.

மிச்சம் இருந்தது என் மகளின் சம்மதம். முடி அவளுடையது, முகமும் அவளுடையது. முதலில் அவள் சொன்னது, "முகம் வேண்டாம்மா. வெட்டினதுக்கு அப்புறம் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது." சரி என்று மேசையில் பின்னல்களையும் பக்கத்தில் அவள் பள்ளி ஸ்கேலையும் வைத்துப் படம் எடுத்தோம். வெட்டும்முன் ஒன்று, வெட்டியபின் ஒன்று என்று இரண்டு படம் போடும் வழக்கத்தையும் விட்டோம். அந்த ஜோடிப் படத்தில் முடி இல்லாத பக்கம் எப்போதும் ஏதோ இழப்பு மாதிரியே தெரிகிறது.

எது கேப்ஷனில் வரவேண்டும் என்று அவளையே கேட்டேன். அவள் சொன்னது இரண்டு: எவ்வளவு நீளம் என்பது வரவேண்டும், ஏனென்றால் அதற்காக ஒரு முழு வருடம் நுனியைக்கூட வெட்டாமல் காத்திருந்தாள். இன்னொன்று, வெட்டி முடித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை. கடைசியில் போட்டது இது:

"இன்று முடி வெட்டினோம், 14 அங்குலம். சிகிச்சையாலோ வேறு காரணத்தாலோ முடி இழந்த குழந்தைகளுக்கு விக் செய்யும் ஓர் அமைப்புக்கு அனுப்புகிறோம். கழுத்து குளிர்கிறதாம்."

முதல் வரி செய்தது. இரண்டாவது வரி எங்கே போகிறது என்பது, உண்மைக்கு மேல் ஒரு சொல் இல்லாமல். மூன்றாவது வரி அவளுடையது. அந்த மூன்றாவது வரி இல்லையென்றால் அது ரசீது மாதிரி இருந்திருக்கும். அது இருப்பதால், படிப்பவருக்கு ஒரு குழந்தை முடி வெட்டிக்கொண்டது மட்டும் தெரிகிறது, தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதும் தெரிகிறது. அமைப்பின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. பெயர் போட்டால் அது அழைப்பு ஆகிவிடும். கேட்பவருக்குத் தனியே சொல்லலாம்.

உங்கள் வீட்டில் நிலைமை வேறாக இருந்தால் இரண்டாவது வரி மாறும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கலாம். புழுவெட்டுக் குழந்தைகளுக்கு அதிகம் செய்யும் அமைப்பு என்றால், "நீண்ட காலமாக முடி இல்லாத குழந்தைகளுக்கு" என்று எழுதுங்கள், புற்றுநோய் என்ற சொல்லே வேண்டாம். புற்றுநோய் மையத்துக்கே நேராகக் கொடுத்தால், "சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கு" என்று எழுதலாம். எல்லாக் கீமோ மருந்தும் முடியைக் கொட்டச் செய்வதில்லை என்பதால், "புற்றுநோயாளிகளுக்கு" என்பதைவிட இதுவே சரியும்கூட. வீட்டில் ஒருவருக்கு நோய், அவர் நினைவாகத்தான் வெட்டுகிறீர்கள் என்றால், அவர் சம்மதம் இல்லாமல் அவர் பெயரைப் போடாதீர்கள். தனக்கு நோய் என்பதை யாருக்குச் சொல்வது என்பது அவருடைய உரிமை. அதைக் கேப்ஷன் மூலம் அறுபது பேர் தெரிந்துகொள்ள வேண்டாம். அதே பதிவில் நன்கொடையும் கேட்காதீர்கள். பணம் கேட்பது கேட்பதுதான், அதற்குத் தனிப் பதிவு போடுவது நேர்மை.

குழுவில் போட்டதும் வழக்கம்போல் கைகூப்பும் படங்கள் வந்தன. யாரோ ஒருவர் அண்ணி மகளைக் குறிப்பிட்டு, "அடுத்தது நீதானே?" என்றும் கேட்டார். இதை எதிர்பார்த்திருந்தேன். கேப்ஷன் எவ்வளவு அடக்கமாக இருந்தாலும், கீழே வரும் கருத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். அதனால் கருத்துக்கும் ஒரு வரி முன்பே எழுதி வைத்திருந்தோம். மாமாவே அதைப் போட்டார்: "அவளுக்கு அரங்கேற்றம் இருக்கு, அந்தப் பின்னலைப் பார்க்க நாங்க எல்லாரும் டொராண்டோ வர்றோம்." பேச்சு அங்கிருந்து அரங்கேற்றத் தேதிக்கும் டிக்கெட் விலைக்கும் போய்விட்டது.

எப்படி அனுப்புவது என்று தனியே கேட்டவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு அனுப்பிய விவரத்தை இங்கேயும் தருகிறேன், ஏனென்றால் நம் வீட்டுத் தலைமுடிக்கு இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று எண்ணெய். வெட்டும் நாளுக்கு முன்பு எண்ணெய்ப் பிசுக்குத் துளியும் இல்லாமல் நன்றாக அலசி, முழுவதும் காயவிட வேண்டும். நம் பிள்ளைகளின் அடர்த்தியான முடி மேலே காய்ந்தமாதிரி இருக்கும், பிடரிப் பக்கம் ஈரம் நிற்கும். ஈரத்தோடு கவரில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மருதாணி போட்டிருந்தால் அதுவும் சாயம்தான், அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒற்றைப் பின்னலாகப் போட்டு வெட்டாதீர்கள். பிடரியில் ஒன்றாகக் கட்டி ஒரே வெட்டாக வெட்டினால், முன்பக்க முடி அந்த இடத்துக்கு வந்து சேருவதிலேயே பாதி நீளம் போய்விடும். கட்டுக்கு மேலேயே நின்றுவிடும் அந்த நீளம் வீணாகும், தலையிலும் முன்பக்கம் நீளமாகவும் பின்பக்கம் ஒட்டவும் கோணலாக நிற்கும். தலையை நான்கு ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ரப்பர் பேண்டில் கட்டி, கட்டிலிருந்து நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்து, கட்டுக்கு மேலே வெட்டவேண்டும். சுருட்டை முடியை நேராக இழுத்து அளக்கலாம். வெட்டியபின் கட்டு அவிழக்கூடாது. வேர்ப்பக்கம் எது, நுனி எது என்பது அந்தக் கட்டை வைத்துத்தான் தெரியும். வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்த முடியில், செதில்கள் எதிரெதிராக உரசிச் சிக்குப் பிடித்துவிடும். தரையில் விழுந்து கூட்டியெடுத்த முடி ஆகாது என்பதும் இதனால்தான்.

சலூனில் வெட்டினால் இதையெல்லாம் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வெட்டுவது அவர்கள் பழக்கம். அமைப்பு கேட்கும் நீளம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வெட்டும் வாரத்தில் ஒருமுறை அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் 12 அங்குலம் என்று சொல்லியிருந்தால், சரியாக 12இல் வெட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி வெட்டுவது நல்லது.

சித்தி அந்தப் பதிவுக்குக் கீழே எதுவும் எழுதவில்லை. தனியே மகளுக்கு ஒரு படம் அனுப்பினார். தலையில் அரை அங்குலம் முளைத்திருந்தது, நல்ல நரை. "எனக்கும் கழுத்து குளிருது. ஸ்கேல் எடுத்துட்டு வா, யாருது சீக்கிரம் வளருதுன்னு பாப்போம்" என்று எழுதியிருந்தார். இப்போது மாதம் பிறந்தால் இருவரும் அளந்து அனுப்பிக்கொள்கிறார்கள்.